சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கும்போது ஏன் மார்கழிக் குளிர்? தூரமா, சாய்வா?

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "அடுப்புக்குக் கிட்டப் போனா சுடும், தள்ளி நின்னா சுடாது. வெயில் காலமும் அப்படித்தானே சித்தப்பா?" என்றாள். தப்பு என்று ஒரே வார்த்தையில் தட்டிவிட மனம் வரவில்லை. இரண்டு விளக்கத்தையும் சென்னையிலேயே வைத்துப் பார்ப்போம் என்றேன்.

முதலில் தூரம். பூமியின் பாதை சரியான வட்டமில்லை என்பது உண்மைதான். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கும் நமக்கும் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. இந்த வித்தியாசத்தால் ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஜூலையைவிட 7 சதவீதம் அதிகம். ஆனால் பொங்கலுக்கு முன்னால் விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவது அந்த ஜனவரியில்தான். அதே நாளில் சிட்னியில் கோடை கொளுத்துகிறது. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு ஊரும் ஒன்றாகச் சூடாகி ஒன்றாக ஆற வேண்டும். இந்த விளக்கம் உடைவது இங்கேதான்.

அடுத்து சாய்வு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சுற்றிவரும்போதும் அந்தச் சாய்வு ஒரே பக்கம் பார்த்தே இருக்கும். அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் தென்பாதி. இதை மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டே பார்க்கலாம். டிசம்பர் 21 அன்று, சூரியன் உச்சம் தொடும் 12 மணி 7 நிமிட வாக்கில், குச்சியின் நிழல் வடக்கே 74 செ.மீ. நீண்டிருக்கும். ஜூன் 21 அன்று 18 செ.மீ.தான், அதுவும் தெற்கே. நிழல் நீண்டால் வெயில் சரிந்து விழுகிறது, அதே வெயில் அதிக இடத்தில் பரவி நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். கூடவே பகலும் ஜூனில் சுமார் ஒன்றரை மணி நேரம் நீளம்.

இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சாய்வினால் மட்டும் சென்னைக்கு ஜூன் நாளில் டிசம்பர் நாளைவிட ஏறக்குறைய 37 சதவீதம் கூடுதல் வெயில். தூரம் எதிர்ப்பக்கம் இழுத்தாலும் அதன் பலம் 7 சதவீதம்தான். சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர், இங்கேயே இப்படி. டெல்லியில் சாய்வின் பங்கு இன்னும் பெரியது.

ஆனால் ஒரு இடத்தில் அவள் என்னை மடக்கினாள். "அப்போ ஜூன்லதானே கத்திரி வரணும்?" நல்ல கேள்வி. சென்னையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. நடுவில் உள்ள மாதங்களில் உச்சிவெயில் பெரிதாக மாறுவதில்லை. ஏப்ரலில் ஏறிய சூடு தரையிலும் காற்றிலும் சேர்ந்து முற்ற நாளாகும், அதனால்தான் கத்திரி மே மாதத்தில். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் வந்து கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

அந்த ஏப்ரல் 24 அன்று குச்சியோடு மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உச்சிவேளையில் அதன் அடியில் நிழலே இருக்காது.