கிம்ப் 3.0: பட்டம் ஏறிவிடும், நூல்தான் படுத்துகிறது

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எடுத்த படத்தில், வானத்தில் வெறுமையாக இருக்கும் பகுதியில் ஒரு பெட்டிப் பட்டத்தைச் சேர்க்க, படத்திருத்த மென்பொருளான கிம்ப் போதுமா என்று நண்பர் கேட்டார். பல வருடமாக அதில்தான் வேலை செய்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. அவருடைய படம் முழுச்சட்டகக் கேமராவில், 35 மி.மீ. லென்ஸில் எடுத்தது, அகலம் 6000 பிக்சல். ஒன்றரை மீட்டர் பட்டம் 100 மீட்டர் தூரத்தில் பறந்தால் அதில் 90 பிக்சல்கூட வராது. அழகுக்காக 300 பிக்சலுக்குப் பெரிதாக்கினால் பட்டம் 30 மீட்டருக்குள் வந்துவிடும். பக்கத்தில் பறக்கும் உண்மைப் பட்டங்கள் உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது நூல். ஒரு மி.மீ. நூல் அதே படத்தில் 5 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகம், 100 மீட்டரில் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கையருகே தெரியும் நூல் பாதி வழியிலேயே வானத்தில் கரைய வேண்டும். பட்டத்தில் நூலைக் கட்டும் முச்சைவரை ஒரே தடிப்பில் கோடு போனால் அது ஒட்டுவேலை என்று யாருக்கும் தெரிந்துவிடும். வளைவிலும் ஒரு நியதி உண்டு. நூலின் எடையும் காற்றின் தள்ளலும் சேர்ந்து அதைக் கீழ்ப்பக்கமாகத் தொய்ய வைக்கும். அதனால் கையருகே படுத்தும், பட்டத்தருகே நிமிர்ந்தும் இருக்கும். பலர் இதைத் தலைகீழாக வரைகிறார்கள்.

`Paths` கருவியில் கை, முச்சை என்று இரண்டே புள்ளிகள் வைத்து இழுத்தால் அந்த வளைவு அழகாகக் கிடைக்கிறது. எரிச்சல் அதற்குப் பிறகுதான். 3.0-இல் பாதைமேல் கோடு போட ஸ்ட்ரோக் கொடுத்ததும் கோடு வெறும் பிக்சலாகிவிடும். பாதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பட்டத்தை 20 பிக்சல் நகர்த்தினால் நூலை அழித்து, மறுபடி கோடு போட்டு, நூலை வானத்தில் கரைக்கப் போட்ட மாஸ்க்கையும் திருத்த வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இது என்னைக் கோபப்படுத்துகிறது.

அசைவு மங்கலில் நிலைமை நேரெதிர். அதே 100 மீட்டர் தூரத்தில் வினாடிக்கு 3 மீட்டர் நகரும் பட்டம், 1/60 ஷட்டரில் சுமார் 3 பிக்சல் இழுபடும். 1/500 என்றால் அரை பிக்சல்கூட இல்லை, மங்கலே தேவையில்லை. நண்பரின் படம் மாலை வெளிச்சத்தில் 1/60. `Linear Motion Blur`-இல் 3 பிக்சல் கொடுத்து, பட்டம் சாயும் திசைக்குக் கோணத்தைத் திருப்பினேன். வால் அதிகம் ஆடும் என்பதால் அதைத் தனி அடுக்கில் வைத்து 6 கொடுத்தேன். 3.0-இல் இந்த மங்கல் அடுக்கோடு எஃபெக்டாகவே நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து எண்ணை மாற்றலாம். பழைய 2.10-இல் இது கிடையாது. இந்த ஒன்றுக்காகவே மாறியது எனக்கு மகிழ்ச்சி.

இலவசம், மங்கல் பிரமாதம், அளவு மாற்றுவதிலும் குறையில்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பட்டத்தை நான்கு இடத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார் அவர்; ஒவ்வொரு தடவையும் நூலை முதலிலிருந்து போட அவருக்குப் பொறுமை கிடையாது.