முன்னால் ‘மினரல்’, பின்னால் வேறு: கண்ணை எரித்த சன்ஸ்க்ரீனும் நான் ஏமாந்த விதமும்

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. போரூரிலிருந்து கிண்டி ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி வெயில், தலையில் ஹெல்மெட். ராமாபுரம் பக்கம் வரும்போது இடது கண் எரிய ஆரம்பித்தது. தூசி என்று நினைத்துச் சிமிட்டினேன். அடுத்த சிக்னலுக்குள் பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கியது போல ஆகிவிட்டது. இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை; வலது கண்ணிலும் நீர் வழிந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ஏறக்குறைய கண் தெரியாமல்தான் வண்டியை ஓரங்கட்டினேன்.

பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கழுவினேன். எரிச்சல் குறைந்தது, ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது. மறுபடி கழுவினேன், மறுபடி வந்தது. ஆபீஸ் போய்ச் சோப்புப் போட்டு நெற்றியிலிருந்து தாடை வரை கழுவிய பிறகுதான் அடங்கியது. அன்று காலை முகத்தில் புதிதாகப் போட்டது ஒன்றே ஒன்று: முந்தைய ஞாயிறு வாங்கிய சன்ஸ்க்ரீன்.

அதை வாங்கியதே கண் எரியக்கூடாது என்பதற்காகத்தான். பழைய சன்ஸ்க்ரீனும் அவ்வப்போது எரிச்சல் தரும். அதனால் வளசரவாக்கத்தில் ஒரு பெரிய அழகுசாதனக் கடைக்குப் போய், “வியர்த்தா கண்ணு எரியுதும்மா, எரியாத மாதிரி ஒண்ணு குடு” என்று தெளிவாகவே கேட்டேன். அங்கிருந்த பெண் எடுத்துக் கொடுத்த டியூபின் முன்பக்கத்தில் ‘மினரல்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. வெயிலைத் தடுப்பது ஜிங்க் போன்ற கரையாத பொடி மட்டுமே என்று அதற்கு அர்த்தம். கீழே ‘ஜிங்க் ஆக்சைடு கொண்டது’, எஸ்பிஎஃப் 50. “இது ஃபுல்லா மினரல்தான்க்கா, குழந்தைக்கே போடலாம்” என்றாள். 50 கிராம் 649 ரூபாய். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கொடுத்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். குற்றம் அந்த எழுத்தை அச்சடித்தவர்களுடையது.

அன்று மாலை பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்து, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே வெயிலைத் தடுக்கும் ரசாயனங்கள்: முதலில் எத்தில்ஹெக்ஸைல் மெத்தாக்ஸிசின்னமேட். பிறகு ஆக்டோக்ரிலீன். அதற்குப் பின் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன். அவோபென்சோன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஜிங்க் ஆக்சைடைத் தேடினால் எங்கோ கடைசியில், ஃபீனாக்ஸியெத்தனாலுக்கும் பெர்ஃப்யூமுக்கும் பின்னால் கிடக்கிறது.

இந்த வரிசையை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைப் பட்டியலின் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஃபீனாக்ஸியெத்தனால் என்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. ஆகவே ஜிங்க் அதற்குப் பின்னால் வந்தால், ஜிங்கும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம். ஜிங்க் ஒன்றை மட்டுமே நம்பி எஸ்பிஎஃப் 50 கொண்டுவர வேண்டுமானால் இருபது சதவீதத்தையொட்டி ஜிங்க் தேவைப்படும். ஒரு சதவீத ஜிங்க் அட்டையில் பெயர் போடத்தான் உதவும். என் டியூபில் வெயிலைத் தடுக்கிற வேலை முழுவதையும் செய்தது நான் எதிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ அதே வகைதான்.

கண் சிவப்பு மறுநாளும் போகாததால் கண் டாக்டரிடம் போனேன். கருவிழியில் கீறல் இல்லை என்று பார்த்துச் சொல்லி, கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து மட்டும் எழுதினார். அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது: “போட்டு எவ்வளவு நேரம் கழிச்சும்மா எரியுது?”

போட்ட கையோடு எரிந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கினால், பெரும்பாலும் ஆல்கஹால் ஆவியாகும்போது வருகிற எரிச்சல். லேசாகவும் சீக்கிரம் காய்வதாகவும் இருக்கும் ஜெல், ஸ்பிரே வகைகளில் இது அதிகம். அரை மணியோ ஒரு மணியோ கழித்து, வியர்வை இறங்கும்போது எரிந்தால், சந்தேகம் எண்ணெயில் கரையும் வடிகட்டிகள் மேல், அதாவது வெயிலைத் தடுக்கும் அந்த ரசாயனங்கள் மேல் போகிறது. மேலே சொன்ன மூன்றோடு, ஹோமோசாலேட், எத்தில்ஹெக்ஸைல் சாலிசிலேட், பென்சோஃபீனோன்-3 ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். அடிக்கடி பழியைச் சுமப்பது அவோபென்சோன். ஆனால் அது தனியாக வருவது அரிது. ஆக்டோக்ரிலீனோ சாலிசிலேட்டோ கூடவே இருக்கும். அதனால் ஒரே பொருளைக் கைகாட்டி இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு எரிவது உங்களுக்கு எரியாமலும் இருக்கலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. எரிச்சலைவிட அரிப்பு அதிகமாகி, மறுநாளோ அதற்கு மறுநாளோ இமைத்தோல் தடித்துச் செதில் உதிர்ந்தால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு டியூபை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வதுதான் வழி.

தண்ணீர் ஊற்றியும் எனக்கு ஏன் திரும்பத் திரும்ப எரிந்தது என்பதும் அப்போது புரிந்தது. இந்த வடிகட்டிகளில் பல எண்ணெய் போன்ற திரவங்கள். மற்றவை எண்ணெயில் கரைந்து நிற்பவை. தோலில் போட்ட இடத்திலேயே அவை உறைந்து நிற்பதில்லை. சூட்டிலும் வியர்வையிலும் மெல்லப் பரவும். ஹெல்மெட்டுக்குள் நெற்றி முழுக்க அது ஊறிக் கிடக்கிறது; கண்ணை மட்டும் கழுவினால் மேலேயிருந்து அடுத்த துளி இறங்குகிறது. அப்படி எரியும்போது கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முதலில் நெற்றியையும் புருவத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் கண்ணில் சுத்தமான தண்ணீரை நிதானமாக ஓடவிடுங்கள். அதன்பிறகும் பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, வலி போகாமல் நீடித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

மாற்று தேடும்போதும் ஒரு தவறு செய்தேன். ஜிங்க் கலந்த மெழுகு ஸ்டிக் ஒன்று வாங்கிக் கண்ணைச் சுற்றி மட்டும் தடவினேன். மற்ற இடமெல்லாம் அதே ‘மினரல்’ டியூப்தான். ஆறு நாளில் நான்கு நாள் எரிந்தது. நெற்றியிலிருந்து வருவதைக் கண்ணைச் சுற்றிப் போட்ட வேலி எப்படித் தடுக்கும்? பிறகு ஒரு ஞாயிறு காலை, நெற்றியின் நடுவில் கோடு பிரித்தது போல இடது பாதியில் அந்த ‘மினரல்’ டியூபையும் வலது பாதியில் ஸ்டிக்கையும் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தி, வற்றல் பிழிந்து, நன்றாக வியர்க்கும்வரை இருந்தேன். சுமார் நாற்பது நிமிடத்தில் இடது கண் மட்டும் எரிந்தது. அடுத்த வாரம் பக்கம் மாற்றிப் போட்டேன். வலது கண் எரிந்தது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது அன்றுதான். நீங்களும் வீட்டில் இருக்கும் நாளில் இப்படிச் செய்து பாருங்கள், வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம்.

இப்போது நெற்றி, புருவம், கண்ணைச் சுற்றி, மூக்கின் மேல்பாதி எல்லாவற்றுக்கும் ஜிங்க் ஆக்சைடு மட்டுமே வடிகட்டியாக உள்ள கிரீம் போடுகிறேன். ஜிங்க், டைட்டானியம் டைஆக்சைடு இரண்டும் கரையாத பொடிகள். அவை மற்றவற்றைப் போல எண்ணெயோடு கரைந்து கண்ணுக்குள் ஓடுவதில்லை. ஆனால் நம் நிறத்துக்கு அது சாம்பல் பூசியது போல இருக்கும், மறைக்க மாட்டேன். இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறம் கொடுத்த வகை எனக்குப் பரவாயில்லை. இதிலும் ஒரு கண் வைக்க வேண்டும்: முழுக்க மினரல் என்று விற்கும் சிலவற்றில் பியூட்டைலாக்டைல் சாலிசிலேட் இருக்கும். அதை வடிகட்டி என்று கணக்கில் காட்டுவதில்லை. ஆனால் அது எத்தில்ஹெக்ஸைல் சாலிசிலேட்டின் நெருங்கிய உறவு. சாலிசிலேட் எரிக்கும் கண்ணுக்கு அதுவும் எரிக்கலாம்.

ஸ்டிக்கில் உள்ள நன்மை மெழுகு. அது வடிகட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ஸ்டிக்குகளில் பெரும்பாலும் மினரல் இருக்காது, ஆனாலும் கிரீமைவிடக் குறைவாகவே ஓடும். ஒரே இழுப்பில் போதிய அளவு ஒட்டாது. ஒவ்வொரு இடத்திலும் நான்கு முறை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும்.

வெள்ளைப் படலம் வேண்டவே வேண்டாம் என்பவர்கள், பிஸ்-எத்தில்ஹெக்ஸைலாக்ஸிஃபீனால் மெத்தாக்ஸிஃபீனைல் ட்ரையசின், எத்தில்ஹெக்ஸைல் ட்ரையசோன் ஆகிய நீளப் பெயர்களைத் தேடுங்கள். இவை பெரிய மூலக்கூறுகள். கண் எரிச்சல் உள்ள பலருக்கு ஒத்துப்போகின்றன, என் தங்கைக்கும் ஒத்துக்கொண்டது. ஆனால் இவற்றைக் கரைக்க எண்ணெய் வேண்டும். அதற்குச் சாலிசிலேட்டையே பயன்படுத்தியிருந்தால் பழைய கதைதான். ‘கண் மருத்துவர் சோதித்தது’ என்ற வாசகத்தை நம்பி வாங்காதீர்கள். சோதித்தார்கள் என்று மட்டுமே அது சொல்கிறது, முடிவு என்ன என்று சொல்வதில்லை.

கண் எரிகிறதே என்று அளவைக் குறைக்கவும் வேண்டாம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் கிரீம் தேவை. வண்டி எடுக்கக் கால் மணி நேரம் முன்னால் போட்டுக் காயவிட்டால் ஓடுவதும் குறையும்.

டியூபைக் கடைக்கு எடுத்துப் போனேன். “திறந்த பொருளை வாங்க மாட்டோம் மேடம், உங்க ஸ்கின் சென்சிட்டிவா இருக்கும்” என்றார் மேலாளர். பட்டியலைக் காட்டினேன், “கம்பெனி போட்டதுக்கு நாங்க என்ன செய்யறது” என்றார். கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, ஜிங்க் ஆக்சைடு இருப்பது உண்மைதானே என்று பதில் வந்தது. ‘மினரல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. பில், பெட்டி, பட்டியலின் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். உடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லாமல், ‘மினரல்’ என்று தவறாகச் சொல்லி விற்றார்கள் என்றே எழுதினேன். மூன்று வாரத்தில் 649 ரூபாய் திரும்பி வந்தது.

நேற்று அதே கடைப் பக்கம் போனேன். அந்த டியூப் அதே அலமாரியில், அதே எழுத்தோடு இருக்கிறது. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்புங்கள். ஃபீனாக்ஸியெத்தனால் எங்கே, ஜிங்க் எங்கே என்று பாருங்கள்.