கட்டியின் வளர்ச்சிக்கு லாஜிஸ்டிக்கா, கோம்பெர்ட்ஸா?

சுண்டெலியின் தோலுக்கடியில் வளரும் கட்டியைக் காலிப்பரால் அளப்போம். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கனஅளவு கிடைத்துவிடும். அப்படி நான் வைத்திருந்த ஒரு வரிசையைக் கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்ணாக்கித் தருகிறேன்: 10ஆம் நாள் 100 கன மில்லிமீட்டர், 15ஆம் நாள் 437, 20ஆம் நாள் 1060. 25ஆம் நாள் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. முதலில் லாஜிஸ்டிக்கைத்தான் எடுத்தேன், கல்லூரியில் படித்தது அது என்பதால். சொன்னது தப்பாகிப் போனது. அதன்பின் கோம்பெர்ட்ஸுக்கு மாறியவன் திரும்பவில்லை.

இரண்டுமே பழைய சமன்பாடுகள். லாஜிஸ்டிக், மக்கள்தொகைக்காக வெர்ஹுல்ஸ்ட் 1838இல் எழுதியது. மற்றொன்றின் வேர், லண்டன் காப்பீட்டுக் கணக்காளர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825இல் மனிதர்களின் இறப்பு வீதத்துக்குத் தந்த விதியில் இருக்கிறது. அதைக் கட்டிகளின் அளவுகளோடு பொருத்திக் காட்டி, 1964இல் அன்னா லெயர்ட் புற்றுநோய் ஆய்வுக்குள் கொண்டுவந்தார்.

```
லாஜிஸ்டிக்:    dN/dt = r N (1 − N/K)
கோம்பெர்ட்ஸ்:  dN/dt = a N ln(K/N)
```

இரண்டிலும் N என்பது t நேரத்தில் கட்டியின் அளவு, K என்பது கட்டி போய் நிற்கும் உச்ச அளவு, r, a இரண்டும் வேகத்தைத் தீர்மானிக்கும் மாறிலிகள். மடக்கை உள்ளே இருப்பதால் இரண்டாவது பார்க்கக் கடினமாகத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு பிரதியிடலில் அவிழ்ந்துவிடும். u = ln(N/K) என்று வையுங்கள். வகையிட்டால் இடப்பக்கம் N′/N வரும். அதாவது a ln(K/N). ln(K/N) என்பதே −u தானே? ஆக

```
du/dt = −a u
u(t) = u₀ e^(−at)
N(t) = K (N₀/K)^(e^(−at))
```

பிழை நேரும் இடம் குறிதான். சிலர் u = ln(K/N) என்று எடுப்பார்கள், அதுவும் சரியே. ஆனால் வகையிடும்போது −N′/N வரும் என்பதை மறந்தால், கடைசியில் e^(+at) வந்து நிற்கும். நேரம் போகப் போக N ஆனது K-ஐ நெருங்காமல் பூஜ்யத்துக்குச் சரிந்தால் குறி மாறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். லாஜிஸ்டிக்கிலும் v = 1/N என்று போட்டால் நேர்கோட்டுச் சமன்பாடாகிவிடும், பகுதிப் பின்னம் பிரிக்கவே வேண்டாம். தீர்ப்பதில் ஒன்று எளிது, மற்றது கடினம் என்பதெல்லாம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது வேறொரு விஷயம்: வளர்ச்சி எப்போது தளர ஆரம்பிக்கிறது என்பது. லாஜிஸ்டிக்கில் கட்டி K-இன் பத்தில் ஒரு பங்கு ஆகும்வரை தலைக்கு இவ்வளவு என்ற வளர்ச்சி வீதம் பத்து சதவீதம்தான் குறையும். அதுவரை கிட்டத்தட்ட முழு வேகம், தளர்ச்சி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கோம்பெர்ட்ஸில் அப்படியில்லை. கட்டி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் வீதம் ஒரே அளவு குறைகிறது, சின்னதாக இருக்கும்போதும் சரி, பெரிதானபிறகும் சரி. வேறு மாதிரி சொன்னால், வீதமே நேரத்தோடு அடுக்குக்குறியாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதிவேக வளர்ச்சி நடக்கும் இடமும் அதனால் முன்னாலேயே வந்துவிடும்: லாஜிஸ்டிக்கில் K-இல் பாதி, கோம்பெர்ட்ஸில் K/e, அதாவது சுமார் 37 சதவீதம்.

இனி என் எண்கள். இயல் மடக்கை எடுத்தால் 4.605, 6.080, 6.966. அடுத்தடுத்த வித்தியாசம் 1.475, 0.886. ஐந்து நாளுக்கு ஒருமுறை அளந்ததால், கோம்பெர்ட்ஸ் சரி என்றால் வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இங்கே அந்த விகிதம் 0.60. அப்படியானால் அடுத்த வித்தியாசம் 0.53, 25ஆம் நாள் அளவு சுமார் 1805. மிச்சமுள்ள வித்தியாசங்களை எல்லாம் பெருக்குத் தொடராகக் கூட்டினால் K சுமார் 4000. விகிதத்தின் மடக்கையை ஐந்தால் வகுத்துக் குறியை மாற்றினால் a, நாளுக்கு சுமார் 0.10.

இதே வேலையை லாஜிஸ்டிக்குக்கு 1/N-ஐ வைத்துச் செய்தால் K வெறும் 1517 என்று வருகிறது, 25ஆம் நாள் அளவு சுமார் 1410. நான் அளந்தபோது இருந்தது 1770. மூன்று புள்ளிகளுக்கு இரண்டுமே கச்சிதமாகப் பொருந்தும். மூன்று எண், மூன்று மாறிலி, பொருந்தாமல் என்ன செய்யும்? நான்காவது புள்ளிதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஆரம்பத்திலேயே தெரிந்த தளர்ச்சியை லாஜிஸ்டிக் "உச்சம் பக்கத்தில் வந்துவிட்டது" என்று படித்துவிடுகிறது. அதனால்தான் K-ஐ அவ்வளவு தாழ்த்திச் சொன்னது.

ஆனால் கோம்பெர்ட்ஸ் தரும் அந்த 4000-ஐ நம்பாதீர்கள். முதல் அளவு 100க்குப் பதில் 80 என்று இருந்திருந்தால் (அவ்வளவு சின்னக் கட்டியில் காலிப்பர் இப்படித் தவறுவது சகஜம்) K சுமார் 2800க்கு இறங்கிவிடும். அதே தவறில் 25ஆம் நாள் கணிப்போ 1805இலிருந்து 1680 வரைக்கும்தான் நகர்கிறது. காரணம், K-ஐ ஆரம்ப வீதமும் a-யும் சேர்ந்து அடுக்கில் உட்கார்ந்து தீர்மானிக்கின்றன. a கொஞ்சம் அசைந்தாலும் K குதிக்கும். உச்சத்தை எட்டாத தரவில் எனக்கு அடுத்த வாரக் கணிப்பு போதும், K-ஐ அறிக்கையில் எழுதுவதே இல்லை.

பாக்டீரியாவுக்கு எதை எடுப்பது என்று கேட்டால் என் அனுபவம் குறைவு. இரண்டு முறைதான் குடுவையில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். சத்து இருக்கும்வரை ஓடி, தீர்ந்ததும் நிற்கும் வளர்ச்சிக்கு லாஜிஸ்டிக்கே கிட்ட வந்தது. உணவு நுண்ணுயிரியலில் கோம்பெர்ட்ஸ் என்று சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே ஆரம்பத் தாமதத்தையும் சேர்ப்பதற்காக, எண்ணிக்கைக்கு அல்ல, எண்ணிக்கையின் மடக்கைக்கே அந்த வளைவைப் பொருத்துகிறார்கள். பெயர் ஒன்று, வளைவு வேறு. ஒருவர் தந்த மாறிலியை மற்றதில் போட்டால் விடை அர்த்தமில்லாமல் போகும்.

கோம்பெர்ட்ஸ் உடையும் இடம் ஒன்று உண்டு. N பூஜ்யத்தை நெருங்கினால் ln(K/N) எல்லையின்றி ஏறும். ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் பத்து லட்சம் செல்கள் என்று வைத்து, மேலே கிடைத்த எண்களோடு ஒற்றைச் செல்வரை பின்னோக்கிப் போனால், அந்தச் செல் சுமார் ஏழரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். வளர்ப்புத் தட்டில் புற்றுச் செல்கள் பொதுவாக ஒரு நாள் அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கட்டி எப்போது தொடங்கியது என்று இந்தச் சமன்பாட்டை வைத்துத் தேதி சொல்ல மாட்டேன். சின்ன அளவு வரை சாதாரண அடுக்குக்குறி வளர்ச்சி, வீதம் அதற்குச் சமமாகும் அளவிலிருந்து கோம்பெர்ட்ஸ் என்று ஒட்டிக்கொள்வேன்.