இரண்டு பேலன்ஸ் ஷீட், ஒரு லாபத் தொகை: ஒன்பது வருடமாகப் பணப்புழக்க அறிக்கை தயாரித்த அனுபவம்

சிவகாசியில் சிறு அச்சகங்களுக்கும் அட்டைப்பெட்டி யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கடன் விண்ணப்பத்தோடு வங்கி பணப்புழக்க அறிக்கையும் கேட்கும்போது, பெரும்பாலும் என் கைக்கு வருவது போன வருட பேலன்ஸ் ஷீட், இந்த வருட பேலன்ஸ் ஷீட், நிகர லாபம் என்று ஒரு தொகை, அவ்வளவுதான். லாபத்தில் தொடங்கி ரொக்கத்துக்கு வந்து சேரும் இந்த மறைமுக முறையை ஒன்பது வருடமாகப் பயன்படுத்துகிறேன். இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே தவறான விடையைச் சரியான விடை போலக் காட்டுகிறது என்பதை ஒரு அட்டைப்பெட்டி யூனிட்டின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். தனி உரிமையாளர் நடத்தும் யூனிட். தொகைகளை லட்சத்தில் முழுமையாக்கியிருக்கிறேன். அந்த வருட லாபம் 8 லட்சம்.

| விவரம் | போன மார்ச் 31 | இந்த மார்ச் 31 | வித்தியாசம் |
|---|---|---|---|
| இயந்திரம் (தேய்மானம் போக) | 20 | 26 | +6 |
| சரக்கிருப்பு | 8 | 11 | +3 |
| வரவேண்டிய பாக்கி | 10 | 15 | +5 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 4 | 1.5 | −2.5 |
| முதல் | 22 | 26 | +4 |
| வங்கிக் கடன் | 12 | 16 | +4 |
| கடனீந்தோர் | 7 | 10 | +3 |
| கொடுபட வேண்டிய செலவு | 1 | 1.5 | +0.5 |

முதலில் ரொக்க வரியைப் பார்த்து, கடைசியில் வர வேண்டிய விடையைக் குறித்துக்கொள்வேன். இங்கே அது 2.5 லட்சம் குறைவு. அப்புறம் ஒவ்வொரு வரியாக. சொத்து கூடியிருந்தால் பணம் அதற்குள் போய் அடைந்திருக்கிறது, கழிக்க வேண்டும். பொறுப்பு கூடியிருந்தால் பணம் இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை, கூட்ட வேண்டும்.

லாபம் 8. சரக்குக்கு 3, வரவேண்டிய பாக்கிக்கு 5 கழித்து, கடனீந்தோருக்கு 3, கொடுபட வேண்டிய செலவுக்கு 0.5 கூட்டினால் தொழில் நடவடிக்கையில் வந்த பணம் 3.5. இயந்திரத்துக்குப் போனது 6. கடனில் வந்தது 4. உரிமையாளரின் முதல் கணக்கில் மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 22 லட்சத்தோடு லாபம் 8 சேர்ந்தால் 30 ஆகியிருக்க வேண்டும், இருப்பது 26. புதிதாக முதல் போடவில்லை என்பதால் மீதி 4 லட்சம் எடுப்பு. வீட்டுச் செலவு, காப்பீட்டு பிரீமியம், அவர் கட்டிய வருமான வரி எல்லாம் அதில் அடக்கம். ஆக 3.5, −6, +4, −4. கூட்டினால் −2.5. ரொக்க வரியோடு ஒத்துப்போகிறது.

முதல் இரண்டு வருடம் இந்த இடத்தில்தான் நிறுத்தினேன். ஒத்துப்போனதே சரி என்பதற்கு அத்தாட்சி என்று நம்பினேன். அது அத்தாட்சி இல்லை. இரண்டு பேலன்ஸ் ஷீட்டும் தனித்தனியாகச் சமன் ஆனவை. அதனால் அவற்றின் வித்தியாசங்களும் எப்போதும் சமன் ஆகும். எந்த வரியை எந்தத் தலைப்பில் போட்டாலும் கடைசிக் கூட்டு −2.5 தான். கூட்டல் பிழையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், இடம் மாறிய தொகையைக் காட்டாது. தவணை கட்டும் அளவுக்குத் தொழில் பணம் ஈட்டுகிறதா என்று பார்ப்பவருக்கோ இடம்தான் முக்கியம்.

மேலே உள்ள அறிக்கையில் மூன்று தொகைகள் இடம் மாறியிருக்கின்றன. பெரியது இயந்திர வரியில் இருக்கிறது. 6 லட்சம் கூடியது என்றால் 6 லட்சத்துக்கு வாங்கினார்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த வருடத் தேய்மானம் 3 லட்சம். லாபத்தில் அது கழிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் யாருக்கும் பணமாகப் போகவில்லை. இதோடு இன்னொரு கேள்வியையும் உரிமையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

“அண்ணாச்சி, இந்த வருஷம் பழைய மெஷின் எதையாவது வித்தீங்களா?”

“ஆமா தம்பி, மூலையில கெடந்த டை கட்டிங் மெஷினைக் குடுத்தாச்சு. ஒன்றரை லட்சம் வந்துச்சு.”

புத்தகத்தில் அதன் மதிப்பு 1 லட்சம். கிடைத்த அரை லட்சம் லாபம் ஏற்கெனவே 8 லட்சத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இப்போது இயந்திரக் கணக்கை எழுதிப் பார்த்தால்: ஆரம்பம் 20, தேய்மானம் போனது 3, விற்றதில் போனது 1, மிச்சம் 16. ஆனால் இருப்பது 26. அப்படியென்றால் வாங்கியது 10 லட்சம். பில்லை எடுத்துப் பார்த்தேன், 10 லட்சம்தான். நான் பில்லைப் பார்க்காமல் இந்த வரியை முடிப்பதே இல்லை. சிலர், ஒரே வகைச் சொத்துகளை ஒரே தொகுப்பாக வைக்கும் வருமான வரிச் சட்டத்தின் பிளாக் முறையிலேயே புத்தகத்திலும் தேய்மானம் போடுவார்கள். அங்கே விற்ற தொகை முழுவதும் பிளாக்கிலிருந்து கழிந்திருக்கும். விற்பனை லாபம் என்று தனியாக இருக்காது, அதைக் கழிக்கவும் கூடாது.

திருத்திய பிறகு தொழில் பணம்: 8, தேய்மானம் 3 கூட்டி, விற்பனை லாபம் 0.5 கழித்து 10.5. பழைய நான்கு வரிகளையும் சேர்த்தால் 6. இயந்திரப் பக்கம் 10 போய் 1.5 வந்தது, −8.5. மொத்தம் அதே −2.5. தொழில் பணம் மட்டும் 3.5-லிருந்து 6 ஆகிவிட்டது.

இரண்டாவது, கடனீந்தோர் பட்டியல். நான் நீண்ட நாள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். கூடிய 3 லட்சத்தில் 1 லட்சம் காகிதக்காரருக்கோ பசைக்காரருக்கோ தர வேண்டியது இல்லை, புது இயந்திரம் விற்றவருக்குத் தர வேண்டிய பாக்கி. அது தொழில் நடவடிக்கையில் வரக்கூடாது. கடனீந்தோர் கூடியது 2 என்றும், இயந்திரத்துக்கு உண்மையில் கொடுத்த பணம் 9 என்றும் மாற்ற வேண்டும். தொழில் பணம் 5, இயந்திரப் பக்கம் −7.5. இயந்திரம் வாங்கிய வருடத்தில் கடனீந்தோர் வழக்கத்தைவிடத் துள்ளியிருந்தால் பெயர்வாரியான பட்டியல் கேளுங்கள், பேலன்ஸ் ஷீட்டின் ஒற்றை வரியில் இது தெரியவே தெரியாது.

மூன்றாவது, கடனும் வட்டியும். கடன் 4 லட்சம் கூடியது என்றாலும், வங்கிப் பட்டியலில் புதிதாக வாங்கியது 6, திருப்பிக் கட்டியது 2 என்று இருக்கிறது. பணப்புழக்க அறிக்கைக்கான கணக்கியல் தரம் 3 இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கிறது. இந்த யூனிட் போன்ற நிதித்தொழில் அல்லாத நிறுவனங்களுக்கு, கட்டிய வட்டியையும் நிதி நடவடிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது. இங்கே வட்டி 1.5 லட்சம். அதை லாபத்தோடு திரும்பக் கூட்டினால் தொழில் பணம் 6.5. நிதிப் பக்கம் 6 வந்து, தவணை 2, வட்டி 1.5, எடுப்பு 4 போக −1.5. மூன்றையும் கூட்டுங்கள்: 6.5, −7.5, −1.5. மறுபடி −2.5.

வங்கிக்குப் போனது இந்தக் கடைசி அறிக்கைதான். தவணையும் வட்டியும் சேர்ந்து 3.5 லட்சம், தொழிலில் வந்தது 6.5 லட்சம். கடனைத் தாங்கும் தெம்பு இருக்கிறது. கூடவே, எடுப்பு 4 லட்சத்தையும் சேர்த்தால் தேவை 7.5 ஆகி 1 லட்சம் துண்டு விழுகிறது என்பதும் தெரிந்தது. அதை அண்ணாச்சியிடம் காட்டியபோது, அவர் கேட்டது வரவேண்டிய பாக்கி ஏன் 15 லட்சம் ஆனது என்று. அதில் பெரும்பகுதியை வைத்திருந்தவர்கள் இரண்டே வாடிக்கையாளர்கள்.

இந்த முறைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. இரண்டு மார்ச் 31-க்கு நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. பட்டாசுப் பெட்டி செய்யும் யூனிட்டுக்கு தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் காகிதத்துக்கும் கூலிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும், வசூல் பின்னால்தான் வரும். வருட அறிக்கையில் அந்தப் பள்ளம் தெரியாது. அதனால் அப்படிப்பட்ட யூனிட்டுகளுக்குச் செப்டம்பர் 30-க்கும் ஒரு பேலன்ஸ் ஷீட் எடுத்து, அரை வருடத்துக்கு ஒன்றாக இரண்டு அறிக்கை போடுகிறேன். அந்த அரை வருட லாபத்துக்குச் செப்டம்பர் 30 அன்று சரக்கை எண்ணியாக வேண்டும். எண்ணாமல் உத்தேசமாகப் போட்டால் லாபம் எவ்வளவு தவறுகிறதோ அதே அளவு சரக்கு வரியும் தவறி, அறிக்கை அப்போதும் ஒத்துப்போய்விடும்.