தாத்தாவின் கோட்டைக் கழற்றி மேல்துண்டு போட்ட கதை: ஓவியத்தில் உடை மாற்றும் வேலை, மூன்று வருட அனுபவம்

கும்பகோணத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் பெரும்பாலும் பிழைப்பு. மூன்று வருடமாக, ஓவியத்தில் இருப்பவரின் உடையை மட்டும் மாற்றிக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஃபோட்டோவில் உடை மாற்றுவது இப்போது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. பென்சில் படத்தில் மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும். முகம் தாளில் இருக்கும், சட்டை மட்டும் பிளாஸ்டிக்கில் ஒட்டினதுபோல் இருக்கும்.

நான் பயன்படுத்துவது, படத்தில் குறித்துக்கொடுத்த இடத்தை மட்டும் புதிதாக வரைந்து தரும் ஏஐ மாடல் ஒன்று: Stable Diffusion 1.5-இன் இன்பெயிண்டிங் மாடல், AUTOMATIC1111 முகப்பில். கூடவே படம் திருத்தும் மென்பொருளான GIMP 2.10. இந்த இரண்டையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

திருவையாறு பக்கமிருந்து ஒரு அம்மா 10×12 அங்குலப் பென்சில் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா, கறுப்புக் கோட்டில். "தம்பி, எங்க தாத்தா ஜென்மத்துல கோட்டு போட்டதில்ல. ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டு இது. அந்த ஃபோட்டோவைப் பார்த்து வரைஞ்சதால படத்துலயும் அதே வந்துருச்சு. மேல்துண்டைப் போர்த்திக்கிட்டுத்தான் வெளிய போவாராம். அப்படி மாத்தித் தர முடியுமா?" என்றார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ஒரு கோட்டு ஆணியில் தொங்கும். ஊரில் பாதிப்பேர் அதே கோட்டில்தான் படமாகியிருப்பார்கள்.

முதல் சிக்கல் ஸ்கேனரிலேயே. என்னுடையது ஏ4 ஸ்கேனர், படம் அதைவிடப் பெரியது. இரண்டு பாதியாக எடுத்து ஒட்ட வேண்டும். இரண்டாவது பாதி எளிதாக இருக்கட்டும் என்று தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் போச்சு. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்துதான் அடிக்கிறது. தாளின் மேடு ஒவ்வொன்றும் மறுபக்கம் நுணுக்கமாக ஒரு நிழல் போடும். தலைகீழாக எடுத்த பாதியில் அந்த நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். கோடுகள் கச்சிதமாகப் பொருந்தினாலும் நடுவில் ஒரு தையல் தெரிந்துகொண்டே இருக்கும், ஏன் என்றும் புரியாது. ஆரம்பத்தில் நான் இரண்டு நாள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது ஸ்கேனரின் மூடியைக் கழற்றிவிட்டு, தாளை நகர்த்துவேனே தவிரத் திருப்ப மாட்டேன். 600 டிபிஐ, கலரில், டிஃப் கோப்பாக. தூசி நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், அது தாளின் சொரசொரப்பையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும்.

அடுத்து மாடல். இதற்கு ஏன் தாள் பிடிபடுவதில்லை என்பது சாதாரணக் கணக்கு. 600 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 24 பிக்சல். சாதாரண வரைதாளின் மேடு பள்ளம் அதில் 5 முதல் 10 பிக்சல் அகலம் வரும். தாத்தா போட்டிருக்கும் கோட்டுப் பகுதி எட்டு அங்குலம், அதாவது 4800 பிக்சல். மாடலுக்குக் கொடுக்க அதை 768-க்குச் சுருக்குகிறேன், அளவு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. தாளின் மேடு இப்போது ஒன்று, ஒன்றரைப் பிக்சல்தான். அதன்மேல் மாடல் தன் உள்வேலைக்காக 8×8 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றையும் நான்கே எண்களாகச் சுருக்கிக்கொள்கிறது. திரும்ப விரித்துத் தரும்போது வருவது அதுவாகக் கற்பனை செய்த சொரசொரப்பு, நம் தாளுடையது அல்ல. "பென்சில் ஓவியம், கரடான தாள்" என்று எவ்வளவு எழுதினாலும் இது மாறாது.

அதனால் மாடலிடம் நான் கேட்பது இரண்டே விஷயம்: துண்டின் மடிப்பு எங்கே விழும், நிழல் எங்கே விழும். கோடும் தாளும் என் பொறுப்பு.

அதைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழைய படத்திலிருந்தே தொடங்கும்படி `Masked content`-ஐ `original` என்று வைத்து, எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சொல்லும் `Denoising strength`-க்கு 0.5 கொடுத்தேன். கோட்டின் காலர் அப்படியே துண்டின் மடிப்பாக உருமாறி நின்றது, துண்டுக்குக் காலர் வைத்துத் தைத்ததுபோல. 0.9-க்கு ஏற்றினால் காலர் போயிற்று, கூடவே பெரியவரும் போய்விட்டார். துண்டு ஒரு தோளில் சரிந்து, உள்ளே ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பையனின் மார்பு. அந்த அம்மாவிடம் காட்டியிருந்தால் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்.

கடைசியில் GIMP-இல் நானே வெளிர் சாம்பலில் துண்டின் உருவத்தைக் கன்னாபின்னாவென்று பூசினேன். இரண்டு தோளையும் மூடி, கழுத்தெலும்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று விழும்படி. மூன்று மடிப்புக்குக் கறுப்புக் கோடு. அந்தப் பூச்சைக் கொடுத்து 0.55-இல் ஓட்டியதும் ஏழாவது முயற்சியில் நல்ல மடிப்பு கிடைத்தது. இந்தப் பத்து நிமிடப் பூச்சைத் தவிர்த்துவிட்டு நூறு படம் ஓட்டினாலும் உருப்படியாக ஒன்று கிடைக்காது.

வந்ததை ஆறேகால் மடங்கு பெரிதாக்கி, 20 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிவிடுகிறேன். அழகாக வந்ததை ஏன் மங்கலாக்குகிறாய் என்று என் உதவியாளர் இன்னமும் கேட்பார். அதிலுள்ள நுணுக்கமெல்லாம் பொய். நிழல் மட்டும்தான் வேண்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கறுப்புக் கோட்டு இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டு வரவேண்டும். பென்சில் படத்தில் வெள்ளை என்றால் வெறுந்தாள். அந்த வெறுந்தாளை அதே படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஓரத்தில் நிறைய இருக்கிறதே என்று எடுத்தால் நிறம் ஒட்டாது. சட்டத்துக்குள் மறைந்திருந்த விளிம்பு ஒரு நிறம், வருடக்கணக்கில் வெளிச்சம் பட்ட நடுப்பகுதி வேறு நிறம். நான் தாத்தாவின் தலைக்கு இருபுறமும் இருந்த வெற்றிடத்திலிருந்து குளோன் செய்தேன். எடுத்த தாள் பகுதிகளைச் சுழற்றவோ கண்ணாடிபோல் புரட்டவோ கூடாது. காரணம் முன்பு சொன்ன அதே விளக்கு நிழல்தான்.

பிறகு மடிப்பின் நிழல். பலரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். தாளின் சொரசொரப்பை ஒரு தனி லேயராக எடுத்து எல்லாவற்றின் மேலும் சமமாகப் போர்த்திவிடுவார்கள். பார்த்தால் படத்துக்கு மேல் மணல் தூவினதுபோல் இருக்கும். பென்சில் தாளில் எப்படிப் பிடிக்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். லேசாகத் தேய்த்தால் கரி மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அழுத்தித் தேய்த்தால் பள்ளமும் நிரம்பிவிடும். ஆகவே வெறுந்தாளில் சொரசொரப்பு மிக லேசு, நடுத்தரச் சாம்பலில் உச்சம், கடும் கறுப்பில் மறுபடி குறைவு.

இதைக் கொண்டுவர, ஓவியர் முகத்தின் விளிம்பை ஒட்டிப் பின்னால் ஒரே சீராகத் தேய்த்திருந்த சாம்பல் பகுதியைப் பிரதி எடுத்து, அதன் மங்கலான வடிவத்தை மேலே வைத்து `Grain extract` செய்தேன். நிழல் போய் மேடு பள்ளம் மட்டும் நடுச் சாம்பலில் தங்கும். அதைத் துண்டின் மேல் `Grain merge` முறையில் வைத்தேன். அதன் கணக்கு இவ்வளவுதான்:

```
விளைவு = கீழ்ப்படம் + சொரசொரப்பு − 128
```

128 உள்ள இடத்தில் எதுவும் மாறாது. இந்த லேயருக்கு, வெள்ளை இருக்குமிடத்தில் மட்டும் அதைக் காட்டுகிற ஒரு மாஸ்க்: மடிப்பின் நிழல் நடுத்தரமாக இருக்குமிடத்தில் வெள்ளை, மிக வெளிச்சமான இடத்திலும் மிகக் கறுத்த இடத்திலும் கறுப்பு. இந்த மாஸ்க் விழுந்ததும் துண்டு தாளுக்குள் இறங்கி உட்கார்ந்தது.

மிச்சம் கோடுகள். இந்த ஓவியர் வலக்கைக்காரர், அவர் இழுத்த நிழல் கோடுகளெல்லாம் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாகச் சாய்ந்தவை. மாடல் போட்டவை மடிப்போடு மடிப்பாக எல்லாத் திசையிலும் ஓடின. தாத்தா போட்டிருந்த, அழிக்கப்போகிற கோட்டின் கைப்பகுதியிலேயே ஓவியருடைய நல்ல கோடுகள் இருந்தன. அவற்றைத் திசை மாற்றாமல் எடுத்து மடிப்பின் ஆழத்தில் வைத்தேன். துண்டின் வெளி விளிம்பை மட்டும் டேப்லட்டில் கையால் இழுத்தேன். கோட்டைக் கழற்றியும் அதன் பென்சில் படத்திலேயே தங்கிவிட்டது.

சரியாக வந்ததா என்று பார்க்க என் வழி: படத்தை ஒன்றாக்கிப் பிரதி எடுத்து `Wavelet-decompose` ஓட்டுவேன். அது படத்தை நுணுக்க அளவு வாரியாக ஐந்து அடுக்காகவும் மிச்சமாகவும் பிரிக்கும். 600 டிபிஐயில் தாள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது அடுக்கில் இருக்கும். அதை மட்டும் `Normal` முறையில் வைத்துப் பாருங்கள். ஒட்டுவேலை செய்த இடம் வழுவழுவென்றோ, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தோ காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் படத்தில் இடது தோளில் ஒரே புள்ளிக்கூட்டம் நான்கு முறை வந்திருந்தது. சும்மா பார்த்தபோது என் கண்ணில் படவே இல்லை.

உருவம் மாறாமல் நிறம் மட்டும் மாற வேண்டுமென்றால் மாடலே தேவையில்லை. ஒரு வாட்டர்கலர் படத்தில் நீலப் புடவையை அரக்காக்கக் கேட்டார்கள். இதே முறையில் பிரித்து, மிச்ச அடுக்கில் மட்டும் நிறத்தை மாற்றினேன். தூரிகைத் தடம் அப்படியே நின்றது, ஆனால் அரக்குப் புடவையெங்கும் நீலத்தூள். அல்ட்ராமரீன் போன்ற நீலங்கள் தாளின் பள்ளத்தில் போய்ப் படியும் (பென்சிலுக்கு நேர் எதிர்), அந்தப் படிவு நுண் அடுக்குகளில் நிறத்தோடு இருந்திருக்கிறது. புடவைப் பகுதியில் மட்டும் அந்த அடுக்குகளின் நிறத்தை நீக்கியதும் சரியானது. அரைமணி நேர வேலை. தாத்தா படத்துக்கு மூன்று நாள் ஆனது.

அச்சுப் போடும்போதும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஓவியம்தானே என்று கரடான ஆர்ட் பேப்பரில் போட்டேன். படத்திலுள்ள தாளும் நிஜத் தாளும் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. இப்போது வழுவழுப்பான மேட் தாளில் மட்டும்தான். மூலப்படத்தில் எதுவும் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். புதுப் பிரதியின் பின்னால் 'உடை மாற்றப்பட்டது' என்று எழுதித் தேதி போடுவேன்.

லேயர்களோடு கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். மூன்றாவது மாதம் அந்த அம்மாவின் தம்பி வந்து நின்றார். "அண்ணே, தாத்தா துண்டுக்கு ஒரு விரக்கடை கரை இருக்கும். அக்கா சொல்ல மறந்துட்டாங்க."

கரை போட்டுக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது.