படத்தில் வரும் கணக்குக்கு ஏழு நிரல் தாள்: 2022 முதல் பாவித்த அனுபவம்

2022இல் மின்வெட்டும் பெற்றோல் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது கோண்டாவிலில் என் வகுப்பு பாதியாகக் குறைந்தது. வராத பிள்ளைகள் புள்ளிவிபரவியல் பேப்பரைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் செய்கையை எழுதித் திருப்பி அனுப்புவேன். அப்போது பழகிய தாள் அமைப்பைத்தான் இன்றும் பாவிக்கிறேன்.

A4 தாளைப் படுக்கையாக வைத்து ஏழு நிரல்கள். இடையிலிருந்தான விலகலை u, v என்று குறிப்பேன். u = x − x̄, v = y − ȳ. கீழே கூட்டுத்தொகைக்கு இரட்டைக் கோடு போட்ட ஒரு நிரை. அவ்வளவுதான். போன மாதம் வந்த ஒரு கணக்கு: ஒரு கடையின் விளம்பரச் செலவு x (ஆயிரம் ரூபாய்), விற்ற பொதிகள் y.

```
 x    y    u    v   u²   v²   uv
 2   50   −3  −15    9  225   45
 4   55   −1  −10    1  100   10
 5   65    0    0    0    0    0
 6   70    1    5    1   25    5
 8   85    3   20    9  400   60
25  325    0    0   20  750  120
```

இடைகள் 5, 65. நியமவிலகல் x இற்கு √(20/5) = 2; y இற்கு √(750/5) = 12.25. இணைபுக் குணகம் r = 120/√(20×750) = 0.98. (தமிழ்நாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இவை திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு.)

u, v நிரல்களின் கூட்டுத்தொகை பூச்சியம் வருவதுதான் இந்தத் தாளின் பெரிய வசதி. வராவிட்டால் கழித்தலில் பிழை. மேலே போகத் தேவையில்லை. இதை நம்பியே நிறைய நாள் ஓட்டினேன். ஆனால் அந்தக் கணக்கை முதலில் செய்தபோது எனக்கு வந்த விடை 0.98 இல்லை, −0.24.

படம் மாலை வெளிச்சத்தில் எடுத்தது. பேப்பரின் மடிப்பு கடைசி நிரைக்கு மேலாகப் போனதால் 85இன் 8, இடப்பக்கம் நிழலில் கரைந்து 3 மாதிரித் தெரிந்தது. 35 என்று எடுத்தால் y இன் இடை 55, விலகல்கள் −5, 0, 10, 15, −20. கூட்டினால் பூச்சியம்! வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே 750, அதே 12.25. uv மட்டும் −30 ஆகிவிட்டது. வாசித்ததில் வந்த பிழையைப் பூச்சியச் சோதனை ஒருநாளும் பிடிக்காது, ஏனென்றால் பிழையான எண்ணுக்கு உரிய பிழையான இடையிலிருந்துதான் கழிக்கிறோம். நியமவிலகலும் இங்கே தற்செயலாகப் பொருந்திவிட, எல்லாம் சரி என்றே அனுப்பியிருப்பேன். நான்கு நிரை வரைக்கும் x ஏற ஏற y ஏறுகிறது, கடைசியில் மட்டும் தொப்பென்று விழுகிறது என்பது கண்ணில் பட்டதால்தான் கேட்டேன். “ரீச்சர், அது எண்பத்தஞ்சு” என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு தாளின் வலது மூலையில் பெருவிரல் அளவில் ஒரு சிதறல் வரைபு போடாமல் தொடங்குவதில்லை. ஒரு புள்ளி தனியே நின்றால் அந்த நிரையை மட்டும் கிட்ட வைத்து இன்னொரு படம் கேட்பேன். உண்மையிலேயே அப்படி ஒரு தரவு இருக்கலாம், அதனால் நானாகத் திருத்துவதில்லை.

இரண்டாவது தொல்லை கல்குலேற்றரால் வருவது. அதில் σx, sx என இரண்டு விடைகள் இருக்கும். முதலாவது n ஆல் பிரித்தது, மற்றது n−1 ஆல். இந்த x இற்கு 2, 2.24. கேள்வியில் மாதிரி என்று சொல்லி, அதை வைத்துக் குடித்தொகையின் நியமவிலகலை மதிப்பிடச் சொன்னால்தான் இரண்டாவது. r எதை எடுத்தாலும் மாறாது, ஆனால் மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பிள்ளை 120/5 = 24 என்று எடுத்து, கீழே sx, sy போட்டு 0.78 என்று விடை அனுப்பினார். 5 தரவில் இப்படிக் கலந்தால் விடை சரியாக 4/5 மடங்காகச் சுருங்கும். என் தாளில் r ஐ நேரே uv, u², v² கூட்டுத்தொகைகளிலிருந்து எடுப்பதால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

குறை என்றால், இடை முழு எண்ணாக வராதபோது இந்தத் தாள் பெரிய கரைச்சல். 2, 4, 5, 5, 7, 8 என்றால் இடை 5.1667, நிரல் முழுக்கத் தசமம். அப்போது u, v ஐ விட்டுவிட்டு x², y², xy நிரல்கள் போட்டு Σx² − (Σx)²/n எடுப்பேன்: 183 − 961/6 = 22.83. இடையை 5.2 என்று மட்டம் தட்டி 6×5.2² ஐக் கழித்தால் 20.76 வரும். அதனால் அந்த 961/6 ஐப் பின்னமாகவே விட்டுவைப்பது என் வழக்கம்.

எட்டு நிரைக்கு மேல் போனால் கையால் எழுதுவதில்லை. கல்குலேற்றரில் போட்டுவிட்டு, மூலை வரைபை மட்டும் வரைந்து அனுப்புகிறேன்.