சிறுநீர்ப்பெருக்கிகள் எங்கே தடுக்கின்றன: ஒரே படத்தில் ஓர் ஒப்பீடு

சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளை வகைவாரியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நெஃப்ரானை மேலிருந்து கீழாக வரைந்து, ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு சோடியத்தை மீட்கிறது என்பதையும் எந்த மருந்து அங்கே தடுக்கிறது என்பதையும் அருகருகே எழுதிவிடுவது நல்லது. பாடநூல் படங்கள் பலவற்றில் மருந்தின் பெயர் மட்டுமே இருக்கும். என் கருத்தில் அந்தப் படத்துக்கு உயிர் தருவது எண்தான். வடிகட்டப்படும் சோடியத்தை 100 என்று கொண்டால் தோராயமாக இப்படி வரும்.

```
குளோமெருலஸ்: வடிகட்டல் 100
   ↓
அண்மைச் சுருள் நுண்குழல்: மீட்பு 65
   ⊣ அசிட்டசோலமைடு
   ↓
ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி: மீட்பு 25
   ⊣ ஃப்யூரோசமைடு
   ↓
சேய்மைச் சுருள் நுண்குழல்: மீட்பு 5
   ⊣ தயசைடு
   ↓
சேகரிப்பு நாளம்: மீட்பு 4
   ⊣ அமிலோரைடு, ஸ்பைரனோலாக்டோன்
   ↓
சிறுநீர்: 1 அல்லது அதற்கும் குறைவு
```

நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டப்படுவதால், அந்த 100 என்பது சுமார் 25,000 மில்லிமோல் சோடியம். இதைப் பார்த்ததும், 65 பங்கை மீட்கும் இடத்தில் தடுக்கும் அசிட்டசோலமைடுதான் மிகவும் வலியது என்று தோன்றும்; மாணவனாக இருந்தபோது நானும் அதற்குத்தான் மிகப் பெரிய அம்பு போட்டேன். உண்மையில் அது வலுக்குறைந்த மருந்து. அது அங்கே நடக்கும் மீட்பில் பைகார்பனேட்டைச் சார்ந்த ஒரு பங்கை மட்டுமே தடுக்கிறது. அப்படித் தப்பும் சோடியத்திலும் பெரும்பகுதியைக் கீழேயுள்ள ஏறுபகுதி பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு மருந்தின் வலிமையை அது தடுக்கும் பகுதியின் அளவும், அதற்குக் கீழே எஞ்சியிருக்கும் மீட்புத் திறனும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஃப்யூரோசமைடு 25 பங்கை மீட்கும் இடத்தைத் தடுக்கிறது. அதற்குக் கீழே அவ்வளவு பெரிய பகுதி வேறில்லை. அதன் வலிமை அங்கிருந்து வருகிறது.

ஃப்யூரோசமைடையும் தயசைடையும் வலியது, மெலியது என்று மட்டும் பிரித்தால் போதாது. தடித்த ஏறுபகுதியில் ஒரே கடத்தி சோடியம், பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே இழுக்கிறது. பொட்டாசியம் மட்டும் மீண்டும் குழலுக்குள் கசிவதால் குழலின் உட்புறம் நேர்மின் தன்மை பெற்று, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களின் இடைவெளி வழியாக இரத்தத்தை நோக்கித் தள்ளுகிறது. ஃப்யூரோசமைடு அந்தக் கடத்தியை நிறுத்தியதும் இந்தத் தள்ளுவிசை போய்விடுகிறது. கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. தயசைடோ சிறுநீரில் போகும் கால்சியத்தைக் குறைக்கிறது, அதனால்தான் கால்சியக் கற்கள் திரும்பத் திரும்ப உருவாகிறவர்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. சிறுநீரக உட்பகுதியின் உப்புச்செறிவை உருவாக்குவதும் இதே ஏறுபகுதிதான். தயசைடு அந்தச் செறிவைத் தொடாமல், சிறுநீரை நீர்க்கச் செய்யும் இடத்தை மட்டும் அடைப்பதால், நீர் உடலில் தங்கி இரத்தச் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்குவது தயசைடில்தான் அதிகம். முதியவர்களிடம் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இதயச் செயலிழப்பால் கால் வீங்கிய ஒருவர் ஃப்யூரோசமைடு 40 மில்லிகிராம் எடுத்து முதலில் நன்கு தேறினார், சில வாரங்களில் அதே அளவுக்குப் பலன் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். இந்த மருந்து அல்புமினோடு ஒட்டியிருப்பதால் வடிகட்டலில் போதுமான அளவு இறங்குவதில்லை. அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள்தான் அதைச் சுரந்து குழலுக்குள் விடுகின்றன. எனவே இரத்தத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு புள்ளிக்கோடு வரையாத படம் முழுமையானதல்ல. சிறுநீரகம் பழுதுபட்டால் இந்தச் சுரப்பு குறையும். மருந்தளவை உயர்த்தினால் பலன் திரும்பும். அளவை உயர்த்தியும், மருந்து கொடுத்து 2 மணி நேரத்தில் எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 மில்லிமோலுக்குக் கீழேயே இருந்தால், கீழே உள்ள சேய்மைச் சுருள் நுண்குழலைச் சந்தேகிக்கலாம்: வாரக்கணக்கில் மிகுதியான சோடியம் வந்து சேர்ந்ததால் அதன் செல்கள் பருத்து, ஏறுபகுதியில் தப்பியதை மீட்டுவிடுகின்றன. அங்கே தயசைடைச் சேர்த்தால் சிறுநீர் சட்டென்று பெருகும்.

அந்தப் பெருக்கத்துக்கு விலையும் உண்டு. இரண்டு இடத்திலும் தப்பிய சோடியம் சேகரிப்பு நாளத்துக்கு வருகிறது. அது அங்கே மீட்கப்படும்போது பொட்டாசியம் குழலுக்குள் வெளியேறுகிறது. மேற்சொன்னவரின் பொட்டாசியம் 4.1-லிருந்து சில நாளில் 2.9-க்கு இறங்குவது வியப்பல்ல. இக்கூட்டுக்குப் பின் இரத்தப் பரிசோதனையை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. பொட்டாசியத்தைக் காக்கும் இரண்டு மருந்துகளுக்கும் அம்புகள் வேறு திசையில் வர வேண்டும். அமிலோரைடு குழலுக்குள்ளிருந்து சோடிய வாயிலை அடைக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் இரத்தப் பக்கமிருந்து செல்லுக்குள் நுழைந்து ஆல்டோஸ்டிரோன் ஏற்பியைப் பிடிக்கிறது. பின்னது புதிய புரதம் உருவாவதையே தடுப்பதால், அதன் முழுப்பலன் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். இன்று இரவே பொட்டாசியத்தை உயர்த்த அதை நம்ப முடியாது.